கேரசல்ல தப்பு போயிடுச்சு, டெலிட் பண்ணிடவா?

"இன்ஸ்டால 8 ஸ்லைடு கேரசல், 4வதுல சூரிய ஒளி பூமிக்கு வர 8 செகண்ட்னு போட்டுட்டேன், 8 நிமிஷம்னு வரணும். கமெண்ட்ல வச்சு செய்றாங்க, போஸ்ட்டையே தூக்கிடவா?"

தூக்காதீங்க, தூக்கினா திருத்தம் சொன்னவங்க கமெண்ட்டும் சேர்ந்து போயிடும், ஓடி ஒளிஞ்ச மாதிரி ஆயிடும். போட்ட படத்தை மாத்த முடியாது, ஆனா அந்த ஒரு ஸ்லைடை மட்டும் எடுக்கலாம். மூணு புள்ளி, எடிட், 4வதுக்கு ஸ்வைப் பண்ணி குப்பைத்தொட்டி ஐகான். அதுக்கு முன்னாடி 5வது ஸ்லைடு அந்த 8 செகண்டை வச்சு எதாவது கணக்கு சொல்லுதான்னு பாருங்க, சொன்னா அதையும் எடுக்கணும்.

கேப்ஷன்ல திருத்தம் முதல் வரியிலயே வரட்டும், கீழ போட்டா "மேலும்"க்குள்ள மறைஞ்சிடும். "திருத்தம்: 4வது ஸ்லைடுல 8 செகண்ட்னு தப்பா போட்டிருந்தேன், சரியானது சுமார் 8 நிமிஷம் 20 செகண்ட். அந்த ஸ்லைடை எடுத்துட்டேன்." இவ்வளவு போதும், தப்பான எண்ணையும் சொல்லிடுங்க, இல்லன்னா ஏற்கனவே படிச்சவங்களுக்கு எது மாறுச்சுன்னே புரியாது.

கமெண்ட்ல முதல்ல சரியா சொன்னவரோடதை பின் பண்ணி, கீழ "நீங்க சொன்னது சரி, திருத்திட்டேன், நன்றி"ன்னு போடுங்க. கிண்டல் பண்றவங்களுக்கு தனித்தனியா விளக்கம் வேணாம், ஆனா டெலிட்டும் பண்ணாதீங்க, வசவு இருந்தா மட்டும் எடுங்க. ஏற்கனவே ஷேர் பண்ணவங்களுக்காக ஸ்டோரிலயும் ஒரு தடவை திருத்தத்தை போட்டுடுங்க.