சம்பளம் கூடியது, சேமிப்பு கூடவில்லை

*ஐயா, திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். போன ஏப்ரலில் கைக்கு வரும் சம்பளம் 34,000லிருந்து 46,000 ஆனது. முன்பு வீட்டுச் செலவு 29,000 போக மாசம் 5,000 சேர்த்தோம். இப்போதும் அதே 5,000தான். வண்டித் தவணை 4,100 (இன்னும் 16 மாசம் பாக்கி), வீட்டு வாடகையில் கூடுதலாக 3,000, மகளின் வேன், பரத வகுப்புக்கு 1,900. மிச்சம் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. "நாம ஒண்ணும் ஆடம்பரமா செலவு பண்ணலீங்களே" என்கிறார் மனைவி. பேங்கில் 90,000 இருக்கிறது. கூடுதல் சம்பளத்தில் எத்தனை பங்கைச் சேமிப்பில் போட வேண்டும்?*

தம்பி, உங்கள் வீட்டம்மா சொல்வது சரிதான். நீங்கள் எழுதியதில் ஆடம்பரம் என்று ஒன்றுகூட இல்லை. 12,000 ரூபாய் நாலு நல்ல காரணங்களாகப் பிரிந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். நான் 30 வருஷம் ஒரு நூற்பாலையில் சம்பளக் கணக்கு பார்த்தவன். சம்பளம் கூடியவர்களில் சூதாடிக் கெட்டவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். வீடு, வண்டி, பள்ளிக்கூடம் என்று நியாயமாகச் செலவு செய்தே கையில் ஒன்றும் நிற்காமல் போனவர்கள்தான் நிறையப் பேர்.

முதலில் அந்த 90,000ஐப் பாருங்கள். உங்கள் பழைய செலவு மாசம் 29,000. சம்பளம் நின்றுபோனால் மூன்று மாசம் தள்ளியிருக்கலாம். இப்போது செலவு 41,000. அதே 90,000 இரண்டு மாசத்துக்குச் சற்று மேல்தான் வரும். நீங்கள் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை, ஆனாலும் உங்கள் கையிருப்பு மெலிந்துவிட்டது. ஆறு மாசச் செலவுக்கான காசைத் தற்காப்பாக வைத்திருக்க வேண்டும் என்றால், மாசச் செலவில் 1,000 ரூபாய் ஏறும்போது 6,000 ரூபாய் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். உங்கள் வீட்டில் 12,000 ஏறியிருக்கிறது, ஆக 72,000.

திருப்பூரில் இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடிக்கிடந்தபோது ஊரே எப்படி இருந்தது என்று உங்கள் சீனியர்களைக் கேளுங்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டதை நீங்களே பார்த்தீர்கள். ஆர்டர் வந்ததால் கூடின சம்பளம், ஆர்டர் போனால் குறையலாம். வாடகையும் தவணையும் அதற்காகக் காத்திருக்காது.

இன்னொன்று. பே ஸ்லிப்பில் பி.எஃப். பிடித்தம் என்று ஒரு வரி இருக்கும், எடுத்துப் பாருங்கள். ஏப்ரலுக்கு முன்னும் 1,800, பின்னும் 1,800 என்று இருந்தால், உங்கள் கம்பெனி 15,000 ரூபாய் என்ற சட்ட வரம்புக்கு மட்டும் 12 சதவீதம் பிடிக்கிறது என்று அர்த்தம். நிறையக் கம்பெனிகளில் அப்படித்தான். முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் பிடிக்கிற இடத்தில், சம்பளம் கூடும்போது ஓய்வுக்காலச் சேமிப்பும் தானாகவே கூடும். உங்களுக்கு அது நடக்காது. கூட வந்ததெல்லாம் நேராகக் கைக்கு வந்துவிடுகிறது, அதனால் பங்கை நீங்களேதான் பிரித்தாக வேண்டும்.

சரி, எத்தனை பங்கு? மொத்தச் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று நான் சொல்ல மாட்டேன். கூடின தொகையை மட்டும் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள். அதில் முதல் கழிவு விலைவாசிக்கு. அரிசி, எண்ணெய், கேஸ் எல்லாம் வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறது. உங்கள் பழைய 29,000க்கு ஐந்து சதவீதம் என்று வைத்தாலும் ஏறக்குறைய 1,500 ரூபாய் ஆகிறது. அது உண்மையில் உயர்வே இல்லை, இருந்த இடத்தில் நிற்பதற்கான காசு. மீதி 10,500தான் நிஜமான உயர்வு. அதில் பாதிக்குக் குறையாமல் சேமிப்புக்குப் போக வேண்டும் என்பது என் கணக்கு. ஆறு மாசத் தற்காப்பு நிறைகிற வரைக்கும் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 7,000. அப்புறம் பாதி போதும். மற்றப் பாதியைக் குடும்பம் அனுபவிக்கட்டும். உழைத்து வந்த உயர்வில் வீட்டில் யாருக்கும் ஒன்றும் கிடைக்காவிட்டால் அந்தத் திட்டம் மூன்று மாசம்கூடத் தாங்காது, அதை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் உங்களிடம் இப்போது அந்த 7,000 இல்லை. செலவான பிறகுதானே கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அதனால் நான்கு செலவையும் ஒரே கேள்வியால் பிரித்துப் பாருங்கள்: அடுத்த மாசமே இதை நிறுத்த முடியுமா? வண்டித் தவணையை முடியாது. வாடகையையும் உடனே முடியாது, அட்வான்ஸ் கொடுத்து, பாத்திரம் பண்டம் ஏற்றிப் போயாயிற்று. மகளின் 1,900ஐ நிறுத்தலாம், ஆனால் நிறுத்த வேண்டாம், அது நல்ல செலவு. மீதம்? 12,000இல் இந்த மூன்றுக்கும் 9,000 போனால், "தெரியவில்லை" என்று நீங்கள் எழுதினது சரியாக 3,000.

அதைத் தேட ஒரு சாயங்காலம் போதும். மார்ச் மாச ஸ்டேட்மென்டையும் போன மாசத்து ஸ்டேட்மென்டையும் பிரின்ட் எடுத்து, வீட்டம்மாவும் நீங்களும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மார்ச்சில் இல்லாத பெயர் எதெல்லாம் புதிதாக வந்திருக்கிறதோ அதில் பென்சிலால் கோடு போடுங்கள். சாயங்காலம் பேக்கரி 180, ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் போய்வந்த சாப்பாடு 1,100, மாசாமாசம் தானாகக் கழிகிற ஏதோ ஒரு ஆப் 199 என்று வரும். எல்லாவற்றையும் வெட்ட வேண்டாம். இருவருக்கும் உண்மையிலேயே பிடித்தது எது என்று பேசி 1,000 ரூபாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள். 2,000ஐ எடுத்துவிடலாம்.

அந்த 2,000க்கு இப்போதே ஒரு ஆர்.டி. தொடங்குங்கள். சம்பளம் 7ஆம் தேதி வருகிறதென்றால், ஆர்.டி. கழிகிற தேதியை 10 என்று கொடுங்கள். 8 என்று கொடுத்துவிட்டு, ஷிப்மென்ட் தாமதத்தில் சம்பளம் இரண்டு நாள் தள்ளினால் தவணை தவறி அபராதம் விழும். மாசக் கடைசித் தேதியைக் கொடுத்தால் கணக்கில் காசே இருக்காது. முடிந்தால் போனில் ஸ்கேன் செய்து செலவழிக்கிற கணக்கு இல்லாத வேறொரு பேங்கில் போடுங்கள். தற்காப்புப் பணத்தைச் சீட்டில் போடாதீர்கள். நல்ல சீட்டாகவே இருந்தாலும், அவசரத்துக்கு முன்கூட்டி ஏலம் எடுத்தால் தள்ளுபடியில் பெரிய தொகை போய்விடும்.

16 மாசம் கழித்து வண்டித் தவணை முடியும். அந்த 4,100 எந்தச் செலவிலும் கலந்துவிடக்கூடாது. தவணை முடிகிற அடுத்த மாசமே அதையும் ஆர்.டி.யில் ஏற்றிவிட்டால், இந்த உயர்விலிருந்து மட்டும் மாசம் 6,100 சேரும், நிஜ உயர்வில் பாதிக்கு மேல். பழைய 5,000ஐயும் சேர்த்தால் 11,100.

நடுவில் அடுத்த ஏப்ரல் வரும். புதுச் சம்பளம் கைக்கு வருகிற முதல் மாசத்திலேயே விலைவாசியைக் கழித்து, மூன்றில் இரண்டு பங்குக்குப் புது ஆர்.டி. போட்டுவிடுங்கள். பெரிய வீடு, புது போன் பேச்செல்லாம் அதற்கப்புறம். அன்றைக்கு நீங்கள் செய்கிற புதுச் செலவில், அடுத்த மாசமே நிறுத்த முடியாத வகை கூடின தொகையில் கால் பங்கைத் தாண்ட வேண்டாம். இந்தத் தடவை 12,000க்கு அது 3,000தான் இருந்திருக்க வேண்டும். வாடகையும் வண்டியும் சேர்ந்து 7,100 ஆகிவிட்டது.

வண்டிக்கடனின் கடைசித் தவணை எந்தத் தேதி என்று லோன் தாளில் இருக்கும். ஸ்டேட்மென்டைப் பார்க்க உட்காருகிற அதே சாயங்காலம், அந்தத் தேதியை ஒரு தாளில் எழுதிச் சமையல்கட்டுச் சுவரில் ஒட்டச் சொல்லி வீட்டம்மாவிடம் கொடுங்கள்.