"12×18 பிரேம்" என்று மட்டும் எழுதினால் போதாது: கேள்வி பதில்

மதுரையில் பிரிண்ட், பிரேம் கடை நடத்துகிறேன். சில ஆண்டுகளாக இணையத்திலும் விற்கிறேன். பொருள் குறிப்பை எப்படி எழுதுவது என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

கோவை, புதிதாக விற்கத் தொடங்கியவர்: அக்கா, குறிப்பில் "12×18 பிரேம்" என்று தெளிவாகத்தான் போட்டேன். அளவு தவறு என்று வாங்கியவர் திருப்பி அனுப்பிவிட்டார். உள்ளே இருப்பது 12×18 படம்தானே?

தம்பி, நீங்கள் சொன்னது ஓர் அளவு. அந்தப் பிரேமில் மூன்று அளவுகள் இருக்கின்றன. படம் 12×18 அங்குலம். அது சட்டத்தின் பள்ளத்தில் உட்காரும்போது ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் மறையும். கண்ணில் படுவது 11½×17½தான். சட்டம் ஓர் அங்குல அகலம் என்றால், அதில் கால் அங்குலம் படத்தின்மேல் ஏறியிருக்கும், முக்கால் அங்குலம் வெளியே நிற்கும். ஆக, சுவரில் அது அடைக்கும் இடம் 13½×19½. உங்களிடம் வாங்கியவர் இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே இடத்தை அளந்து வைத்துக்கொண்டு வாங்கியிருப்பார்.

படத்தைச் சுற்றி மவுன்ட் அட்டை வைத்த பிரேம் என்றால் சிக்கல் இன்னும் பெரிது. 12×18 பிரேமில் இரண்டு அங்குல வெள்ளை மவுன்ட் வைத்தால் படத்துக்குக் கிடைக்கும் ஜன்னல் 8×14. அதைச் சொல்லாமல் விற்றால், 12×18 படத்துக்குப் பணம் வாங்கிவிட்டுச் சின்னப் படத்தை அனுப்பினார்கள் என்றுதான் அவர் நினைப்பார். அவர் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. படம், தெரியும் பகுதி, வெளி அளவு மூன்றையும் எழுதுங்கள். முதலில் வருவது அகலமா உயரமா என்பதையும் சொல்லுங்கள். சுவரிலிருந்து எவ்வளவு முன்னே நிற்கும் என்று ஒரு வரி சேருங்கள்.

கும்பகோணம், பிரேம் கட்டுபவர்: முப்பது வருடமாகக் கட்டுகிறேன் அம்மா. பட்டறையில் அளவு என்றால் பள்ளத்தின் அளவுதான். வெளி அளவைத் தலைப்பில் போட்டால் கையில் 12×18 படம் வைத்திருப்பவன் எந்தப் பிரேமை வாங்குவான்? இன்னொன்று, பள்ளத்தைச் சரியாக 12×18க்கு வெட்டக் கூடாது. இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கூட விட வேண்டும். மழைக்காலத்தில் அட்டை உப்பும்.

ஐயா, அந்த இரண்டு மில்லிமீட்டரை நானும் பட்டுத்தான் கற்றேன். ஓர் ஐப்பசியில் பின் அட்டை உப்பிப் படத்தின் நடுப்பகுதியைக் கண்ணாடியோடு சேர்த்து அழுத்தியது. பிரித்தபோது அந்த இடத்தில் படத்தின் மேற்பூச்சு கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. வெறும் பிரேம் விற்பவர்கள் நீங்கள் சொல்வதுபோல் படத்தின் அளவைத் தலைப்பில் வைப்பதே சரி. படத்தோடு தயாராக விற்கும்போது எது முன்னால் வர வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் ஒத்துப்போகாது என்று நினைக்கிறேன். அப்படி வாங்குபவருக்குப் பள்ளத்தைப் பற்றிய கவலையே கிடையாது, சுவர்தான் கவலை. அதனால் நான் வெளி அளவை முதலில் எழுதுகிறேன்.

சேலத்திலிருந்து ஒருவர்: எங்கள் சட்டம் பார்க்கத் தேக்கு போலவே இருக்கும். உண்மையில் சிந்தடிக். "தேக்கு ஃபினிஷ் பிரேம்" என்று எழுதலாமா?

அப்படி எழுதினால் வாங்குபவர் "தேக்கு" என்ற சொல்லை மட்டும்தான் படிப்பார். பொருள் கைக்கு வந்ததும் எடையிலேயே தெரிந்துவிடும். பின்பக்கம் மூலையில் சட்டம் வெட்டப்பட்ட இடத்தைப் பார்த்தால், மரத்தில் இழை ஓடும். சிந்தடிக்கில் வெள்ளையாக நுரை கெட்டிப்பட்டது போல இருக்கும். "சிந்தடிக் சட்டம், தேக்கு நிறம்" என்று எழுதுங்கள். அது மட்டமான பொருள் அல்ல. ஈரத்துக்கு ஊறாது, கரையான் தொடாது. அதையும் சேர்த்து எழுதினால் அதற்கென்றே வாங்குவார்கள். எம்டிஎஃப் சட்டம் விற்பவர்கள் ஈரம் கசியும் சுவரில் மாட்ட வேண்டாம் என்று எழுத வேண்டும். தண்ணீர் ஏறினால் மூலை உப்பி வாய் பிளக்கும், பிறகு சேராது.

முன்பக்கம் கண்ணாடியா அக்ரிலிக்கா என்பதும் குறிப்பில் இருக்கட்டும். அக்ரிலிக் கூரியரில் எளிதில் உடையாது, ஆனால் உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும்.

திருச்சி, போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர்: "படம் 300 டிபிஐ இருக்க வேண்டும்" என்று விதியே போட்டிருக்கிறேன். ஒருவர் 72 என்று காட்டும் படத்தை அனுப்பினார். நானே 300 ஆக மாற்றி அச்சடித்தேன். அப்படியும் மங்கலாக வந்தது. பிரிண்டரில் கோளாறா?

பிரிண்டர் நன்றாகத்தான் இருக்கிறது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற இலக்கு சரி, அதை நீங்கள் தேடிய இடம்தான் தவறு. கோப்பில் எழுதியிருக்கும் அந்த எண் வெறும் குறிப்பு. அதை மாற்றினால் படத்தில் ஒரு புள்ளிகூட அதிகமாகாது. மென்பொருள் புள்ளிகளைக் கூட்டிக் கொடுத்தாலும் அவை அதுவாக ஊகித்தவை. எண்ண வேண்டியது பிக்சல்களை.

உங்களுக்கு வந்தது போன்ற ஒரு படத்தையே கணக்குப் போடுவோம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பப்பட்டு எனக்கு வரும் படங்கள் பெரும்பாலும் 1200×1600 பிக்சல்தான். அதை 18 அங்குல உயரத்துக்கு விரித்தால் 1600ஐ 18ஆல் வகுக்க, அங்குலத்துக்கு 89 பிக்சல் கிடைக்கும். கண்ணாடிக்குள் பளபளப்பான தாளில் அது நிச்சயம் மங்கல். அதே படத்தின் அசல், எடுத்தவரின் போனில் 3000×4000ஆக இருக்கும். 4000ஐ 18ஆல் வகுத்தால் 222. கையில் வைத்துப் பார்த்தாலும் குறை தெரியாது. என் கடையில் தாள் பிரிண்டுக்கு 200, கேன்வாஸுக்கு 120, இவற்றுக்குக் கீழே போனால் வாங்குபவரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டுத்தான் அச்சடிப்போம். கேன்வாஸின் இழை கொஞ்சம் மங்கலை மறைக்கும், தள்ளி நின்றுதான் பார்ப்பார்கள், அதனால்தான் அந்தச் சலுகை.

ஆகவே குறிப்பில் டிபிஐ என்ற சொல்லே வேண்டாம். "12×18க்குக் குறைந்தது 2400×3600 பிக்சல். போன் கேலரியில் படத்தின் விவரங்களைத் திறந்தால் இந்த எண் தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக இணையுங்கள்" என்று எழுதுங்கள். பிறர் அனுப்பிய படத்தை அவர் டாக்குமெண்டாக அனுப்பினாலும் பயனில்லை, அது ஏற்கெனவே சுருங்கியது. எடுத்தவரிடமே கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

போன் படத்தின் வடிவம் 3:4, 12×18இன் வடிவம் 2:3. இரண்டும் பொருந்தாது. 3000×4000 படத்தை 12×18இல் வைக்க அகலத்தில் 333 பிக்சல் வெட்டுப்படும். குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்கும் சித்தப்பாவின் தோள் அதோடு போகும். 12×16 கொடுத்தால் எதையும் வெட்ட வேண்டாம்.

தஞ்சாவூர், இல்லத்தரசி: நான் விற்பவள் இல்லை அக்கா. அப்பாவின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, போஸ்ட்கார்டு அளவில், கொஞ்சம் பழுப்பேறியது. போனில் படம் எடுத்து அனுப்பினேன். 16×24க்கு வராது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். வழியே இல்லையா?

இருக்கிறது அம்மா. போனில் எடுத்தால் விளக்கின் பளபளப்பும் கை நிழலும் விழும், ஓரங்களும் சாயும். ஸ்கேனர் இருக்கும் கடைக்குப் படத்தை நேரில் கொண்டுபோய் அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். 4×6 அங்குலப் படம் என்றால் 2400×3600 பிக்சல் கிடைக்கும். 16×24க்கு விரித்தால் அங்குலத்துக்கு 150. கேன்வாஸில் தாராளமாக வரும், கண்ணாடிப் பிரேமில் வேண்டுமானால் 12×18க்கு இறங்குங்கள். ஸ்கேனரில் 600க்கு மேல் வைத்தாலும் பழைய அச்சில் இல்லாத கண்ணிமை புதிதாக வராது. படம் ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு வைத்தே ஸ்கேன் செய்யலாம்.

ஈரோடு, கேன்வாஸ் பிரிண்ட் விற்பவர்: 20×30 கேன்வாஸ் அனுப்பினோம். மணப்பெண்ணின் கொண்டை பக்கவாட்டில் மடிந்துவிட்டது. யார் மேல் தவறு?

உங்கள் குறிப்பின் மேல்தான். ஒன்றரை அங்குலக் கட்டையில் இழுத்துக் கட்டும்போது படம் நான்கு பக்கமும் ஒன்றரை அங்குலம் மடியும். முகப்பு 20×30ஆக இருக்க, படம் 23×33 வேண்டும். பின்னால் ஸ்டேப்ளர் அடிக்க இன்னும் ஓர் அங்குலம் வெறும் துணி. "ஓரத்தில் படமே மடிய வேண்டுமா, வெள்ளை ஓரம் வேண்டுமா" என்று முதலிலேயே கேளுங்கள். தலை படத்தின் விளிம்பை ஒட்டி இருந்தால் வெள்ளை ஓரம்தான் வழி. படமே மடிவதென்றால் பிக்சலையும் 33 அங்குலத்துக்குக் கணக்கிட வேண்டும்: 120 வீதம் 3960. போன் அசல் மயிரிழையில் தப்பும்.

சென்னை, வாடகை வீட்டில் இருப்பவர்: துளை போட்டால் வீட்டுக்காரர் முன்பணத்தில் பிடிப்பார். டேப்பில் ஒட்டலாம் என்று ஒரு குறிப்பில் படித்தேன். நம்பலாமா?

எடையைச் சொல்லாமல் டேப் என்று எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். இரண்டு மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ. 12×18இல் கண்ணாடி மட்டும் 700 கிராம், 20×30இல் ஏறக்குறைய இரண்டு கிலோ. சட்டமும் அட்டையும் தனி. டேப் விட்டுப் போகாவிட்டாலும் சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர் அடித்த சுவரில் பூச்சே பெயர்ந்து வரும். வழவழப்பான பெயிண்ட் சுவரில், சின்னக் கேன்வாஸுக்கு டேப் சரி. கண்ணாடிப் பிரேம் என்றால் வீட்டுக்காரரிடம் ஓர் ஆணிக்கு அனுமதி கேளுங்கள்.

விற்பவர்கள் பின்னால் இருப்பது பல்லுக் கொக்கியா, இரண்டு வளையமும் கம்பியுமா என்று எழுதி, ஒரு படமும் போடுங்கள். கம்பி என்றால் ஆணி பிரேமின் மேல் விளிம்புக்கு எவ்வளவு கீழே வரும் என்ற அளவைக் கொடுங்கள். அது இல்லாமல்தான் பலர் இரண்டாவது துளை போடுகிறார்கள்.

கோவைத் தம்பி மறுபடியும்: அக்கா, எல்லாம் சேர்த்து ஒரு மாதிரி எழுதித் தர முடியுமா?

"சுவரில் அடைக்கும் இடம்: அகலம் 13½, உயரம் 19½, முன்னே நிற்பது ¾ அங்குலம். படம் 12×18, தெரிவது 11½×17½, மவுன்ட் இல்லை. சிந்தடிக் சட்டம், தேக்கு நிறம். முன்னால் 2 மி.மீ. கண்ணாடி. பின்னால் இரண்டு வளையம், கம்பி. ஆணி மேல் விளிம்பிலிருந்து 2 அங்குலம் கீழே. கட்டியபின் நிறுத்த எடை இவ்வளவு. நீங்கள் அனுப்ப வேண்டிய படம் குறைந்தது 2400×3600 பிக்சல், டாக்குமெண்டாக. போன் படம் என்றால் பக்கங்களில் சிறிது வெட்டுப்படும். வெட்டிய படத்தை அனுப்புவோம், நீங்கள் சரி என்றபின் அச்சடிப்போம்." எடையை நீங்களே தராசில் வைத்துப் பார்த்து எழுதுங்கள்.

கோவைத் தம்பி: படம் சிறியது என்று சொன்னபின்னும் "பரவாயில்லை, அடியுங்கள்" என்கிறவரை என்ன செய்வது?

முகம் உள்ள பகுதியை மட்டும், முழு அளவில் எப்படி வருமோ அப்படியே, ஓர் ஏ4 தாளில் அச்சடித்து அதைப் படம் பிடித்து அனுப்புகிறேன். பார்த்தவுடன் பலர் 8×12க்கு இறங்கிவிடுவார்கள். ஒரு பெரியவர் இறங்கவில்லை. இறந்துபோன மகனுக்கு இருந்த ஒரே படம் அது. மங்கலாகவே கேன்வாஸில் அடித்துக் கொடுத்தேன். அந்த மாதிரி நேரத்தில் மறுப்பதா கொடுப்பதா என்று எனக்கு இன்னும் ஒரு விதி கிடைக்கவில்லை.