கேள்வி பதில்: ‘லைவ்’ டாஷ்போர்டு எவ்வளவு பிந்தும்?

காரைக்குடி, கண்டாங்கிச் சேலைக் கடை: ஆச்சி, இணைய ஆர்டரையும் கடை பில்லையும் சேர்த்து லுக்கர் ஸ்டுடியோவில் டாஷ்போர்டு போட்டேன். 11 மணி பில் 12 தாண்டித்தான் தெரிகிறது. எங்கே பிழை?

பிழை இல்லை. காத்திருப்பு இரண்டு இடத்தில் சேர்கிறது. கூகுள் ஷீட்ஸில் பில் தாளை `IMPORTRANGE` போட்டுப் பொதுத் தாளுக்கு இழுத்திருப்பீர்கள். தாள் திறந்திருந்தாலும் அது மணிக்கு ஒரு முறைதான் எட்டிப் பார்க்கும். அதன்மேல், மாற்றாமல் விட்டால் லுக்கர் ஸ்டுடியோ அந்தத் தாளை 15 நிமிடத்துக்கு ஒரு முறைதான் கேட்கும். இரண்டும் சேர்ந்தால், மிக மோசமானால் 75 நிமிடம்.

இழுப்பதை விட்டுவிட்டு, கூகுளின் நிரல் வசதியான ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டை 5 நிமிடத்துக்கு ஒரு முறை ஓடவிட்டுப் புதிய வரிகளை மட்டும் எழுதச் செய்யுங்கள். காத்திருப்பு 20 நிமிடத்துக்கு இறங்கிவிடும். ஆனால் இலவச ஜிமெயில் கணக்கில் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்டுகளுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 90 நிமிடம். நாளுக்கு 288 ஓட்டம் என்றால் ஒன்றுக்கு 18 வினாடிதான். ஒவ்வொரு முறையும் தாள் முழுவதையும் அள்ளினால், வரிகள் பெருகப் பெருக ஒரு நாள் சாயங்காலம் எண்கள் அப்படியே நின்றுவிடும். மறுநாள் தானே ஓடும். எங்கள் வீட்டுப் பலகாரக் கணக்கில் இது நடந்தபோது, வியாபாரம் படுத்துவிட்டது என்று இரண்டு நாள் கவலைப்பட்டேன். அதனால், கடைசி வரி எழுதப்பட்ட நேரத்தை டாஷ்போர்டின் தலையிலேயே காட்டுங்கள்.

தேவகோட்டை: எதற்கு இத்தனை பாடு? பக்கத்தை மறுபடி திறந்தால் புதிது வந்துவிடுமே.

15 நிமிடம் கடந்திருந்தால் வரும். இல்லையென்றால் சேமித்து வைத்த பழைய எண்ணையே மறுபடி வரைந்து காட்டும்.

ஆத்தங்குடி, டைல்ஸ் ஏற்றுமதி: அதிகாலை ஆர்டர்கள் முந்தைய நாள் கணக்கில் விழுகின்றன.

ஒரு தளம் நேரத்தை உலகப் பொது நேரமான யுடிசியில் தருகிறது. காலை 5.30க்கு முன் வந்ததெல்லாம் அதற்கு நேற்று. தேதியை வெட்டி எடுப்பதற்கு முன்பே ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள்.

கானாடுகாத்தான்: எங்கள் பழைய வீட்டில் ஒரே அறையை இரண்டு தளங்களில் இருவர் பதிவு செய்துவிட்டார்கள். டாஷ்போர்டு தடுக்குமா?

தடுக்காது. அது பார்ப்பதற்கு மட்டுமே. முன்பதிவுகளை ஒத்திசைக்கும் மென்பொருள் வேண்டும்.

பள்ளத்தூர்: பவர் பிஐ புரோ வாங்கினால் லைவ் ஆகுமா?

தரவை உள்ளிழுத்து வைத்தால் நாளுக்கு 8 புதுப்பிப்பு. தொடர்ந்து நான்கு முறை தோற்றால் தானாகப் புதுப்பிக்கும் அட்டவணையே நின்றுவிடும். கடைசி நேரத்தைக் காட்டச் சொன்னேனே!

புதுவயல்: `IMPORTRANGE` உடனே வராதா?

வராது. முதல் பதிலைப் பாருங்கள்.

காரைக்குடி, மறுபடியும்: ஒற்றைச் சேலையைக் கடையில் விற்ற பிறகும் 20 நிமிடம் இணையத்தில் இருக்குமே?

இருக்கும். கானாடுகாத்தான்காரரின் சிக்கல்தான் உங்களுக்கும். பில் போடும்போதே தளத்தின் இருப்பைக் குறைக்க வேண்டும். உங்கள் பில் மென்பொருள் அதற்கு வழி விடுகிறதா என்று பாருங்கள்.

தேவகோட்டை: அதுவரை ஒற்றைச் சேலைகளை இணையத்தில் போடாமல் இருக்கலாமே.

காரைக்குடி: அங்கே விற்பதே அவைதான் ஐயா.