அவசர ஆர்டரும் அஞ்சு மணி கூரியரும்

"காரைக்குடியில் சீப்புச்சீடை, மனகோலம் செய்து வெளியூருக்கு அனுப்புகிறோம். அவசரம் என்று வருவதை முதலில் கட்டுகிறோம். சாதா ஆர்டர்கள் நாலு நாள் தேங்கி, திட்டு விழுகிறது. என்ன செய்யலாம்?"

யார் அவசரப்படுத்துகிறார்கள் என்று பார்க்காதீர்கள், வண்டி எப்போது கிளம்புகிறது என்று பாருங்கள். மதியம் 2 மணி என்று வைத்துக்கொள்வோம். சென்னைக் கல்யாணத்துக்கு 40 கிலோ அவசர ஆர்டர், இரவு 9 மணி பஸ்ஸில் போகவேண்டும். எடுத்துக் கட்ட மூன்றரை மணி நேரம். மூன்று நாளாகக் கிடக்கும் மதுரை ஆர்டருக்கு அரை மணி நேரம் போதும், அது 5 மணி கூரியரில் போகும். கல்யாண ஆர்டரை முதலில் எடுத்தால் 5.30 ஆகிவிடும், மதுரைப் பெட்டி இன்னொரு நாள் தூங்கும். அவசரப் பெட்டியோ 9 மணி வரை சும்மா கிடக்கும். மதுரையை முதலில் முடித்தால் 6 மணிக்குள் இரண்டும் தயார்.

அதனால் வண்டி நேரத்திலிருந்து கட்டும் நேரத்தைக் கழித்து, எதை எத்தனை மணிக்குள் தொடங்கியே ஆகவேண்டும் என்று ஒவ்வொரு சீட்டிலும் எழுதுங்கள். மதுரைக்கு 4.30, கல்யாணத்துக்கு 5.30. எந்தச் சீட்டில் நேரம் முந்தி வருகிறதோ அது முதலில்.

இதுமட்டும் போதாது. தினமும் புது அவசரம் வந்துகொண்டே இருந்தால் சாதா ஆர்டர் மறுபடி பின்னால் போகும். இரண்டு நாள் தாண்டிய சீட்டில் சிவப்புக் கோடு போட்டு, அதையும் அவசரமாகவே நடத்துங்கள். அவசரத்துக்குத் தனிக் கட்டணம் வைத்து, ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று வரம்பும் போடுங்கள். பங்காளி வீட்டு விசேஷம் என்றாலும் அதே வரம்புதான். எங்கள் கடையில் அங்கேதான் கோட்டை விட்டோம்.

பாதி எடுத்த ஆர்டரை நிறுத்திவிட்டு அடுத்ததைத் தொடாதீர்கள். பெட்டி மாறுவது பெரும்பாலும் அப்போதுதான்.