ஆறு இலக்க எண்ணைக் கேட்கும் தோழி: இணையப் பாதுகாப்பு வகுப்பு பற்றி ஆசிரியர்கள் கேட்டவை

ஏழாம் வகுப்புக்கு 40 நிமிடப் பாடவேளை ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. "தெரியாதவர்களிடம் பேசாதே" என்று சொன்னால் "தெரியும் மிஸ்" என்கிறார்கள். எங்கே தொடங்குவது?

தெரிந்தவரிடமிருந்து தொடங்குங்கள். நான் முதலில் எடுப்பது இந்தச் சம்பவம். கரும்பலகையில் ஒவ்வொரு வரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பிறகு நிறுத்துவேன்.

கயல் அம்மாவின் போனில் வீட்டுப்பாடம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தோழி யாழினியின் வாட்ஸ்அப்பிலிருந்து செய்தி வருகிறது: "தப்பா உன் நம்பருக்கு ஒரு கோடு அனுப்பிட்டேன். ஆறு நம்பர். சீக்கிரம் சொல்லு." அடுத்த நொடி எஸ்.எம்.எஸ்ஸில் ஆறு இலக்க எண் வந்து விழுகிறது.

"நீங்கள் என்றால் அனுப்புவீர்களா?" என்று கேட்டால் பாதிப் பேராவது கை தூக்குவார்கள். திட்டாதீர்கள், தோழிக்கு உதவத்தானே நினைக்கிறார்கள்! அடுத்து, "அந்த எஸ்.எம்.எஸ். ஏன் வந்தது?" என்று கேட்டு இருவர் இருவராகப் பேச 10 நிமிடம் கொடுங்கள். பாடத்தின் உயிர் இந்தக் கேள்விதான்.

அப்புறம் விளக்குங்கள். யாழினியின் கணக்கு ஏற்கனவே வேறொருவன் கையில் இருக்கிறது. அவன் தன் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து கயல் அம்மாவின் எண்ணைப் போட்டிருக்கிறான். போட்டவர் அந்த எண்ணுக்கு உரியவர்தானா என்று உறுதிசெய்ய வாட்ஸ்அப் அனுப்பியதுதான் அந்த ஆறு இலக்க எண். சொன்னால் அம்மாவின் கணக்கு அவன் போனுக்குப் போய்விடும். பிறகு அம்மா பெயரிலேயே சித்தியிடமும் மாமாவிடமும் பணம் கேட்பான்.

கயல் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பதில் தட்டாமல், யாழினி வீட்டுக்குச் சாதாரண அழைப்பில் பேசி, "நீயா கேட்டாய்?" என்று கேட்பது.

"ஏற்கனவே சொல்லியிருந்தால்?" என்று ஒரு குழந்தையாவது கேட்கும். அம்மாவின் போனில் அதே எண்ணை மறுபடி பதிவு செய்து, புதிதாக வரும் எண்ணைப் போட வேண்டும். உடனே அவன் வெளியேற்றப்படுவான். அவன் இரண்டு படிச் சரிபார்ப்புக்கான பின்னை, அதாவது கணக்குக்கு வைக்கும் கூடுதல் ரகசிய எண்ணை, அமைத்திருந்தால் அம்மா உள்ளே போக 7 நாள் ஆகலாம், ஆனால் அவனும் அந்தக் கணக்கில் இருக்க முடியாது. இது நேராமல் இருக்க, அந்தப் பின்னை நாமே முன்கூட்டி அமைத்துவிட வேண்டும். அன்றைய வீட்டுப்பாடமாக, பெற்றோரோடு உட்கார்ந்து அதைச் செய்துவரச் சொல்லுங்கள்.

எங்கள் கணினி ஆய்வகத்தில் கடவுச்சொல்லில் பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் கட்டாயம்; மாதம் ஒருமுறை மாற்றவும் வேண்டும். இதையே சொல்லித்தரலாமா?

வேண்டாம். அந்த விதிக்குப் பிள்ளைகள் தரும் விடை `Kavin@2012`, அடுத்த மாதம் `Kavin@2013`. விதி நிறைவேறிவிட்டது, ஆனால் பெயரும் பிறந்த ஆண்டும் தெரிந்த வகுப்புத் தோழனே ஊகித்துவிடுவான். அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான என்.ஐ.எஸ்.டி.யின் வழிகாட்டலும், திருடுபோனதற்கான அறிகுறி இல்லாமல் குறிப்பிட்ட நாளுக்கொருமுறை மாற்ற வைக்க வேண்டாம் என்றே சொல்கிறது. நீளத்துக்குத்தான் அது முக்கியத்துவம் தருகிறது.

வகுப்பில் இதைத் தாயக்கட்டையால் காட்டலாம். 36 சொற்களைக் கட்டம் போட்டு எழுதுங்கள். ஆறு முகக் கட்டைகள் இரண்டை உருட்டினால் ஒரு சொல் கிடைக்கும். நான்கு முறை உருட்டினால் `vandi-elumichai-kudai-aamai` போல ஒரு நீளமான கடவுச்சொல் வரும். படமாக நினைத்துக்கொண்டால் மறக்காது. 36 சொற்களிலேயே சுமார் 16.8 லட்சம் சேர்க்கைகள் உண்டு, ஆனால் கணினிக்கு அது மிகச் சிறிய எண். அதனால் இதை விளையாட்டாக மட்டும் வையுங்கள். நிஜமாகப் பயன்படுத்த, கட்டை உருட்டிச் சொல் எடுப்பதற்கென்றே உருவான டைஸ்வேர் பட்டியலில் 7,776 சொற்கள் இருக்கின்றன. ஒரு சொல்லுக்குக் கட்டையை ஐந்து முறை உருட்ட வேண்டும். சொற்களைக் கட்டைதான் தேர்ந்தெடுக்க வேண்டும். பிள்ளைகளை விட்டால் பிடித்த நடிகர் பெயரில்தான் போய் நிற்பார்கள்.

ஒரே கடவுச்சொல்லை விளையாட்டுக் கணக்குக்கும் மின்னஞ்சலுக்கும் வைக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். ஓரிடத்தில் கசிந்ததை மற்ற இடங்களில் போட்டுப் பார்ப்பது திருடர்களின் வழக்கம்.

மாணவர்களின் கடவுச்சொற்களை எழுதி வாங்கித் திருத்தலாமா?

கூடவே கூடாது. "ஆசிரியர் கேட்டால் கொடுக்கலாம்" என்றுதான் அதிலிருந்து கற்றுக்கொள்வார்கள். கற்பனைக் கடவுச்சொற்களைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.

பாடத்தின் நடுவே ஒரு மாணவன், "விளையாட்டில் பழகிய அண்ணன் என் படத்தை வைத்து மிரட்டுகிறார்" என்று சொல்லிவிட்டான். உறைந்துபோனேன்.

வகுப்பு முன்னால் மேலே கேட்காதீர்கள். "சொன்னது நல்லது, வகுப்பு முடிந்ததும் பேசலாம்" என்று சொல்லி அடுத்த சம்பவத்துக்குப் போங்கள். தனியாகப் பேசும்போது முதலில் "உன் மேல் தப்பில்லை" என்று சொல்லுங்கள். பணமோ வேறு படமோ அனுப்பக் கூடாது, உரையாடலை அழிக்கவும் கூடாது. மிரட்டுபவரின் கணக்குப் பெயரையும் செய்தி வந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தரங்கப் படமாக இருந்தால் அதைப் பார்க்கக் கேட்காதீர்கள், உங்கள் போனில் வாங்கவே வாங்காதீர்கள். சிறாரின் அத்தகைய படத்தை வைத்திருப்பது உங்களையே போக்சோ சட்டத்தில் சிக்கவைக்கலாம். அதே சட்டப்படி இப்படிப்பட்ட குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும், மறைப்பதும் குற்றம். அதனால் தலைமையாசிரியரையும் பெற்றோரையும் அன்றே சேர்த்துக்கொண்டு காவல் நிலையத்திலோ `cybercrime.gov.in` தளத்திலோ புகார் கொடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. பணம் போயிருந்தால் உடனே 1930.