பி.எம்.ஐ. 24: ஆப் நார்மல் என்கிறது, லேப் அதிக எடை என்கிறது

கேள்வி: "வயது 38. உயரம் 168 செ.மீ., எடை 68 கிலோ. கும்பகோணத்தில் பாத்திரக் கடை, நாள் முழுக்கக் கல்லாவில்தான். போனில் இருக்கும் ஆப் 'நார்மல்' என்கிறது, லேப் ரிப்போர்ட்டில் 'அதிக எடை' என்று போட்டிருக்கிறார்கள். பேன்ட் சைஸ் 34தான். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. எதை நம்புவது?"

இரண்டு பேர் கணக்கும் சரிதான் தம்பி. கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வருவதுதான் பி.எம்.ஐ. 68 ÷ (1.68 × 1.68) போட்டால் 24.1 வரும். ஆப் 25இல் கோடு போட்டிருக்கிறது, லேப் 23இல் போட்டிருக்கிறது. நீங்கள் நடுவில் மாட்டிக்கொண்டீர்கள்.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் செவிலியர். முகாம் முகாமாக டேப்பும் கையுமாக அலைந்தவள். இந்தக் கேள்வியைக் கேட்காத ஊர் கிடையாது.

25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் பருமன் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான அளவு. பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க மக்களை வைத்து வந்தது. நம்மவர்களுக்கு அந்தக் கோட்டைத் தொடும் முன்பே சர்க்கரை வந்துவிடுகிறது என்று பார்த்து, 2009இல் இந்திய மருத்துவர்கள் கூடி 23, 25 என்று இறக்கினார்கள். இடுப்புச் சுற்றளவுக்கு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. உங்கள் லேப் பின்பற்றுவது இதைத்தான்.

ஏன் இறக்க வேண்டும்? பி.எம்.ஐ.க்கு எடைதான் தெரியும். அந்த எடை சதையா கொழுப்பா, கொழுப்பென்றால் தொடையிலா வயிற்றுக்குள்ளா என்பது தெரியாது. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட ஒரு படம் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்போ லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2 சதவீதம். எங்கள் ஊரில் "கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை" என்பார்களே, அதேதான். தோலுக்கடியில் தங்க இடமில்லாத கொழுப்பு குடலைச் சுற்றியும் ஈரலிலும் போய்ச் சேரும்போது இன்சுலின் தன் வேலையைச் சரியாகச் செய்ய முடிவதில்லை.

உங்கள் உயரத்துக்கே ஒரு கணக்குப் பாருங்கள். இங்கிலாந்தில் சுமார் 14 லட்சத்து 70 ஆயிரம் பேரின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2021இல் ஓர் ஆய்வு வந்தது. வெள்ளைக்காரருக்குப் பி.எம்.ஐ. 30இல் இருக்கும் சர்க்கரை ஆபத்து, தெற்காசியருக்கு எந்த எண்ணிலேயே வந்துவிடுகிறது என்று பார்த்தார்கள். 23.9இல் வந்துவிடுகிறது. 168 செ.மீ. உயரத்துக்கு 30 என்றால் 84.7 கிலோ, 23.9 என்றால் 67.5 கிலோ. உங்கள் 68 கிலோவை அங்கே ஒருவரின் 85 கிலோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் லேப் சொல்வதுதான் முடிவான பேச்சா? அங்கேதான் சண்டை. அந்த 23.9 சர்க்கரைக்கு மட்டுமான எண். அதுவும் இங்கிலாந்தில் குடியிருப்பவர்களுடையது, வலங்கைமானில் நாற்று நடுபவர்களுடையது அல்ல. சாவை வைத்துப் பார்த்தால் கதையே மாறுகிறது. ஆசியாவில் 10 லட்சத்துக்கும் அதிகமானவர்களைத் தொடர்ந்து பார்த்து 2011இல் வந்த ஆய்வில், இந்தியர்களிடமும் வங்கதேசத்தவர்களிடமும் அதிக பி.எம்.ஐ.யால் சாவு கூடியதாகத் தெரியவில்லை. 20க்குக் கீழே போனவர்களிடம்தான் கூடியிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் 2002இல் இதை உட்கார்ந்து பேசியது. ஆபத்து தொடங்கும் இடம் ஒரு ஆசிய நாட்டில் 22, இன்னொன்றில் 25 என்று சிதறிக் கிடந்ததால், ஆசியா முழுவதற்கும் புதுக் கோடு போட மறுத்துவிட்டது. 25, 30 அப்படியே இருக்கட்டும், 23, 27.5 ஆகிய இடங்களில் நாடுகள் விழித்துக்கொள்ளட்டும் என்று முடித்தது. எனக்கு அது நேர்மையான முடிவாகவே தெரிகிறது. ஆபத்து சரிவாக ஏறுகிறது, படிக்கட்டாக அல்ல. கோடு மனிதர்கள் போடுவது.

இதனால்தான் நான் எடை மெஷினைவிட டேப்பை நம்புகிறேன். எங்கள் பெரியப்பா 161 செ.மீ., 58 கிலோ. பி.எம்.ஐ. 22.4, எந்தக் கோட்டுப்படி பார்த்தாலும் நார்மல். இடுப்பு 94 செ.மீ. சர்க்கரை இருப்பது தெரிந்தது கால் புண் ஆறாமல் போன பிறகுதான். அதே வாரம் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் ஒருவரை அளந்தேன். 166 செ.மீ., 72 கிலோ, பி.எம்.ஐ. 26. இந்தியக் கணக்கில் அவர் பருமன் பட்டியலில் வருவார். இடுப்பு 84தான், மற்றதெல்லாம் தோளும் தொடையும். அவரிடம் போய் எடையைக் குறையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் உங்கள் பேன்ட் 34. தயவுசெய்து அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 34 அங்குலம் 86 செ.மீ.தானே, 90க்குக் கீழேதானே என்று நினைத்திருப்பீர்கள். பேன்டும் வேட்டியும் தொப்பைக்குக் கீழே இறங்கி நிற்கும். தொப்பை அதற்கு மேலே கொடியேறி நிற்கும். ரெடிமேடில் 34 என்று போட்டதை டேப் வைத்து அளந்தால் 36 வருவதும் உண்டு. பெண்களுக்குப் பாவாடை நாடா தழும்பு பதிந்த இடத்தில் அளந்துவிடுகிறார்கள், அதுவும் தப்பான இடம். சேலைக் கொசுவத்தோடு அளந்தால் அது தனிக் கூத்து.

சரியான இடத்தை விரலால் தேட வேண்டும். பக்கவாட்டில் விலா எலும்பு முடியும் இடத்தைத் தொடுங்கள். கீழே இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொடுங்கள். இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி. சட்டை இல்லாமல், கால்களைக் கொஞ்சம் தள்ளி வைத்து நின்று, தையல்காரர் டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்றுங்கள். இயல்பாக மூச்சை விட்டு முடித்த நொடியில் படியுங்கள். முகாமில் ஆண்கள் எல்லாரும் என்னைக் கண்டதும் வயிற்றை எக்குவார்கள். நான் ஊர்ப் பெயரைக் கேட்பேன். வாய் திறந்து பதில் சொல்லும்போது வயிறு தானாக இறங்கிவிடும். இரண்டு தடவை அளந்து இரண்டுக்கும் ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால், மூன்றாவது தடவை அளக்க வேண்டும்.

உங்களுக்கு 92 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னை மக்களை ஆராய்ந்து மருத்துவர் மோகன் குழு 2005இல் உருவாக்கிய இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண் ஒன்று இருக்கிறது. அதில் பி.எம்.ஐ.யே கிடையாது. 35 முதல் 49 வயதுக்கு 20. ஆணுக்கு இடுப்பு 90 முதல் 99 வரை 10. உடற்பயிற்சியும் இல்லை, உடல் உழைப்பும் இல்லை என்றால் 30. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10. கூட்டினால் 70. 60ஐத் தொட்டாலே அதிக ஆபத்து. இடுப்பு 88தான் வந்தாலும் உங்களுக்கு 60 ஆகிறது, அதுவும் அதே வகைதான். இதில் இறக்கக்கூடிய பெரிய எண், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அந்த 30.

ஆகவே ஆப்பா லேப்பா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நாளைக் காலை காபி குடிக்காமல், வெறும் வயிற்றில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சர்க்கரை பாருங்கள். இடுப்பு எவ்வளவு வந்தது என்பதையும் கீழே எழுதுங்கள், வயிற்றை எக்காமல்.