முழுப் புரதத்துக்கு அசையாத கொலை டி செல்

“ஈஎல்-4 என்ற எலிப் புற்றுநோய் செல்களில் முட்டை வெள்ளைப் புரதமான ஓவால்புமினை முழுதாகக் கலந்தேன், அந்தப் புரதத்தின் SIINFEKL என்ற துண்டை அடையாளம் காணும் ஓடி-1 கொலை டி செல்கள் அசையவில்லை. அந்தத் துண்டை மட்டும் போட்டால் உடனே கொல்கின்றன. டி செல் கெட்டுவிட்டதா?”

கெடவில்லை. அது முழுப் புரதத்தைப் பார்ப்பதே இல்லை. செல்லின் மேற்பரப்பில் புரதத் துண்டுகளைக் காட்டும் எம்எச்சி வகுப்பு 1 மூலக்கூறின் பள்ளத்தில் உட்கார்ந்த துண்டைத்தான் பார்க்கிறது. அந்தப் பள்ளத்தின் இரு முனைகளும் மூடியவை. எட்டு முதல் பத்து அமினோ அமிலங்களே அடங்கும். SIINFEKL எட்டுதான், வெளியிலிருந்தே நேராகப் போய் உட்கார்ந்துவிடும்.

முழுப் புரதத்தின் வழி வேறு. வகுப்பு 1-க்குப் போகும் துண்டுகள் பெரும்பாலும் செல் தானே தயாரித்த புரதங்களை, செல்லுக்குள் புரதங்களை வெட்டும் புரோட்டியசோம் நறுக்கியவை. வெளியிலிருந்து விழுங்கப்பட்டது எண்டோசோம் என்ற செல்லுக்குள்ளான பையில் சிதைந்து, உதவி டி செல்கள் படிக்கும் எம்எச்சி வகுப்பு 2-க்குப் போகும். ஈஎல்-4-இல் வகுப்பு 2 இல்லாததால் உதவி டி செல்லும் இங்கே சும்மாதான் இருக்கும்.

சோதிக்க, ஈ.ஜி7 செல்களை வையுங்கள். அவை ஓவால்புமின் மரபணு சேர்த்த ஈஎல்-4 செல்களே. துண்டு எதுவும் போடாமலே அவை கொல்லப்பட்டால் சிக்கல் புரதம் சென்ற வழியில்தான்.

ஆனால் இதையே, டி செல்களுக்குத் துண்டுகளைக் காட்டுவதையே வேலையாகக் கொண்ட டென்ட்ரைட்டிக் செல்களில் செய்தால் முடிவு மாறலாம். விழுங்கிய புரதத்தையும் வகுப்பு 1-இல் காட்டும் திறமை அவற்றுக்கு உண்டு.